7 லட்சம் சிடிசி, 5.8 லட்சம் சிடிசி: மாதம் கைக்கு எதில் அதிகம் வரும்?

கயல்விழி

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம்தான் பி.இ. முடித்தேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு இரண்டு ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. பெங்களூரு கம்பெனி 7,00,000 சிடிசி, சென்னை கம்பெனி 5,80,000 சிடிசி. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டில் ஒன்றுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும்.

12ஆல் வகுத்துப் பார்த்தேன். ஒன்றில் மாதம் 58,333, இன்னொன்றில் 48,333. மாதம் 10,000 வித்தியாசம் என்றால் யோசிக்கவே வேண்டாம் என்று அப்பா சொல்கிறார். ஆனால் அதே பெங்களூரு கம்பெனியில், அதே 7 லட்சத்துக்குப் போன வருடம் சேர்ந்த சீனியர் அக்கா ஒருவர், கைக்கு 40 தான் வருகிறது என்கிறார். மீதி 18,000 எங்கே போகிறது? வரி அவ்வளவு பிடிப்பார்களா? சென்னை ஆஃபரிலும் இதே மாதிரி குறையுமா?

செந்தில் கோவை

58 எல்லாம் வராதும்மா. சிடிசி என்பது கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, நமக்குத் தரும் சம்பளம் இல்லை. நான் பத்து வருடமாக ஒரே கணக்குதான் வைத்திருக்கிறேன். சிடிசியில் 30 சதவீதத்தைக் கழித்துவிட்டு 12ஆல் வகுத்தால் கைக்கு வருவது. 7 லட்சத்துக்கு 40,833. உன் சீனியர் சொன்னதோடு ஒத்துப்போகிறது பார். 5.8 லட்சத்துக்கு 33,833. எப்படிப் பார்த்தாலும் பெங்களூருதான் 7,000 அதிகம். பிஎஃப், வரி எல்லாம் அந்த 30க்குள் அடங்கிவிடும்.

மீனலோசனி

கயல்விழி, வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம். நான் 14 வருடமாகச் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் இருக்கிறேன். சிடிசி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கைக்கு என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆஃபர் லெட்டரின் கடைசியில் அனெக்சர் என்று ஒரு பக்கம் இருக்கும். பேசிக், ஹெச்ஆர்ஏ என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். இரண்டு லெட்டரிலும் அந்தப் பக்கத்தை அப்படியே இங்கே தட்டச்சு செய்யுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம். அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் ஏதாவது இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

கயல்விழி

நன்றி மேடம். எல்லாம் வருடக் கணக்கு.

பெங்களூரு:
பேசிக் 2,80,000
ஹெச்ஆர்ஏ 1,12,000
ஸ்பெஷல் அலவன்ஸ் 1,28,932
பிஎஃப் (கம்பெனி பங்கு) 33,600
கிராஜுவிட்டி 13,468
மெடிக்கல் இன்சூரன்ஸ் 12,000
வேரியபிள் பே 70,000
ஜாயினிங் போனஸ் 50,000
மொத்தம் 7,00,000

அடிக்குறிப்பு: 18 மாதத்துக்குள் விலகினால் ஜாயினிங் போனஸைத் திருப்பித் தர வேண்டும். வேரியபிள் கம்பெனியின் கொள்கைக்கு உட்பட்டது.

சென்னை:
பேசிக் 2,90,000
ஹெச்ஆர்ஏ 1,45,000
ஸ்பெஷல் அலவன்ஸ் 1,23,400
பிஎஃப் (கம்பெனி பங்கு) 21,600
மொத்தம் 5,80,000

அடிக்குறிப்பு: கிராஜுவிட்டியும் குழு மருத்துவக் காப்பீடும் இதற்கு வெளியே, சட்டப்படியும் கம்பெனி விதிப்படியும் உண்டு.

மீனலோசனி

சரி, பெங்களூருவை முதலில் எடுத்துக்கொள்வோம். பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள்.

7,00,000இல் முதலில் ஜாயினிங் போனஸ் 50,000ஐ எடுத்து ஓரமாக வையுங்கள். அது ஒரே ஒரு தடவை வரும் பணம், அடுத்த வருடம் கிடையாது. மிச்சம் 6,50,000. அப்புறம் வேரியபிள் 70,000. அது வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம். எதுவானாலும் மாதச் சம்பளத்தில் வராது. அதையும் எடுத்துவிட்டால் 5,80,000.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சென்னைக்காரர்கள் போட்டிருக்கும் எண்ணும் இதேதான். ஒருமுறை வருவதையும் நிச்சயமில்லாததையும் எடுத்துவிட்டால் உங்கள் இரண்டு ஆஃபரும் ஒரே உயரம்.

இனி இந்த 5,80,000க்குள்ளே உங்கள் கைக்கு வராதவை. கம்பெனியின் பிஎஃப் பங்கு 33,600. அது உங்கள் பெயரில்தான் சேர்கிறது, ஆனால் மாதச் செலவுக்கு ஆகாது. அடுத்தது வேலையை விட்டுப் போகும்போது தரும் கிராஜுவிட்டி, 13,468. ஒரு வருட வேலைக்கு 15 நாள் பேசிக் என்பது அதன் கணக்கு, மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைப்பார்கள். உங்கள் மாத பேசிக் 23,333ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 13,461 வரும். பேசிக்கில் 4.81 சதவீதம் என்று போட்டு 13,468 ஆக்கியிருக்கிறார்கள். நிரந்தர வேலையில் இதை வாங்க ஐந்து வருடம் தொடர்ந்து இருக்க வேண்டும். மூன்றாம் வருடம் விலகினால் இந்த வரி மொத்தமாகப் போய்விடும். இன்சூரன்ஸ் 12,000 காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகிறது. மூன்றையும் கூட்டினால் 59,068. கழித்தால் 5,20,932.

அதை 12ஆல் வகுத்தால் 43,411. உங்கள் பே ஸ்லிப்பில் கிராஸ் என்ற இடத்தில் இந்த எண்தான் இருக்கும். இதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் பேசிக்கில் 12 சதவீதம், 2,800. கர்நாடகத்தில் தொழில் வரி பிப்ரவரியில் 300, மற்ற மாதங்களில் 200; கணக்குக்கு 200 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு 40,411. உங்கள் சீனியர் சொன்னது சரி.

வரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். புதிய வரி முறையில் இப்போது ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000ஐயும் சேர்த்து 12,75,000 வரை சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. இரண்டு ஆஃபரிலும் உங்களுக்கு வருமான வரி பூஜ்யம். அந்த 18,000இல் ஒரு ரூபாய்கூட வருமான வரிக்குப் போகவில்லை.

சென்னையையும் போட்டுவிடலாம். 5,80,000இல் கம்பெனி பிஎஃப் 21,600 மட்டும் கழியும். மிச்சம் 5,58,400, மாதத்துக்கு 46,533. இவர்கள் பிஎஃப்பை முழு பேசிக்குக்கும் பிடிக்கவில்லை, சட்ட உச்சவரம்பான 15,000க்கு மட்டும் பிடிக்கிறார்கள். அதனால் உங்கள் பங்கு 1,800. சென்னையில் தொழில் வரி உங்கள் சம்பளத்துக்கு அரையாண்டுக்கு 1,250, மாதத்துக்கு 208 என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு 44,525.

சிடிசி 1,20,000 குறைவாக இருக்கும் ஆஃபரில் மாதம் 4,114 அதிகமாக வருகிறது. செந்தில் சொன்ன 30 சதவீதக் கணக்கு பெங்களூருவுக்குத் தற்செயலாகப் பொருந்தியது. சென்னைக்கு 10,000க்கு மேல் தவறிவிட்டது. அந்த லெட்டரில் கழிப்பதற்கு அவ்வளவு எதுவும் இல்லை என்பதுதான் காரணம்.

திருப்பூர் ராசு

நான் பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். எனக்கு 19,500 சம்பளம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். கைக்கு வருவது 17,553. நான் இன்சூரன்ஸே கேட்கவில்லை, போனஸும் தீபாவளிக்குத்தான். எனக்கும் இந்த மாதிரி சிடிசியில் மறைத்திருக்கிறார்களா? யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

மீனலோசனி

ராசு அண்ணா, உங்களுடையது வேறு கதை. உங்களுக்குச் சொன்ன 19,500 சிடிசி இல்லை, கிராஸ். கிராஸ் 21,000 வரை இருந்தால் ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது 146.25; அடுத்த முழு ரூபாய்க்கு உயர்த்தி 147 பிடிப்பார்கள். பிஎஃப் 1,800. இரண்டையும் கழித்தால் சரியாக 17,553 வருகிறது. ஒளிவுமறைவு எதுவும் இல்லை. உங்களுக்காகக் கம்பெனி தனியாகக் கட்டும் பிஎஃப்பும் ஈஎஸ்ஐயும் அந்த 19,500க்கு வெளியே இருக்கின்றன. கயல்விழியின் லெட்டர் பாணியில் எழுதினால் உங்கள் சம்பளமும் பெரிய எண்ணாகத்தான் தெரியும்.

ஆனால் ஒன்று செய்யுங்கள். பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா என்று பிஎஃப் பாஸ்புக்கில் பாருங்கள். மாதாமாதம் மூன்று எண் இருக்க வேண்டும்: உங்கள் பங்கு 1,800, கம்பெனி பங்கு 550, பென்ஷன் 1,250.

செந்தில் கோவை

மேடம், சென்னைக் கணக்கில் நான் தவறியது உண்மை. லெட்டரைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். ஆனால் இரண்டு விஷயம் இடிக்கிறது. கம்பெனி கட்ட வேண்டிய பிஎஃப் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அப்படியிருக்க 33,600ஐ சிடிசியில் போடுவது சட்டவிரோதம் இல்லையா? இரண்டாவது, புதிய தொழிலாளர் சட்டத்தில் பேசிக் பாதியாக இருக்க வேண்டும், அதனால் எல்லோருக்கும் கைக்கு வருவது குறையும் என்கிறார்கள். பெங்களூரு லெட்டரில் பேசிக் 40 சதவீதம்தானே? நாளைக்கே மாற்றிவிட மாட்டார்களா?

மீனலோசனி

சட்டம் நீங்கள் சொன்னபடிதான். கம்பெனி பங்கைச் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது. ஆனால் சிடிசி சம்பளம் அல்ல, கம்பெனி போடும் செலவுக் கணக்கு. அதில் தன் பங்கைக் காட்டுவதற்குத் தடை இல்லை. தப்பு எங்கே நடக்கும் என்றால் பே ஸ்லிப்பில். முதல் மாத பே ஸ்லிப்பில் பிடித்தம் பக்கம் பிஎஃப் ஒரு தடவைதான் இருக்க வேண்டும், 2,800. அங்கே 5,600 என்றோ, இரண்டு வரியில் 2,800, 2,800 என்றோ வந்தால் வருமானப் பக்கத்தை உடனே பாருங்கள். கம்பெனி பங்கை அங்கேயும் கூட்டிக் காட்டி, இங்கே கழித்திருந்தால் கைக்கு வருவது மாறாது. அங்கே கூட்டாமல் இங்கே மட்டும் கழித்திருந்தால் அது உங்கள் பணம், கேட்டே ஆக வேண்டும்.

புதிய சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் 40 சதவீதம் என்று நீங்கள் சொல்வது சிடிசியில். மாத கிராஸில் பாருங்கள்: 43,411இல் 23,333, பாதிக்கு மேலேயே இருக்கிறது. சென்னையிலும் 46,533இல் 24,167. இந்தப் பெண்ணுக்கு அதனால் பெரிய மாற்றம் வராது. பேசிக்கை 25, 30 சதவீதத்தில் வைத்து மீதியை அலவன்ஸாகப் பிரித்து வைத்திருந்த இடங்களில்தான் அது உறைக்கும். அங்கேயும் 15,000க்கு மட்டும் பிஎஃப் பிடிக்கப்படுபவர்களுக்கு அந்தப் பிடித்தம் அதிகமாகாது.

பழைய பெங்களூர்வாசி

ஜாயினிங் போனஸ் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. நான் பட்டது, அதனால் சொல்கிறேன்.

எனக்கும் 12 மாத நிபந்தனை இருந்தது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் 11ஆம் மாதம் விலக வேண்டி வந்தது. 11 மாதம் வேலை செய்தாயிற்று, ஒரு மாதத்துக்கான பங்கைத்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். முழுத் தொகையையும் கடைசிச் சம்பளத்தில் பிடித்தார்கள். லெட்டரை எடுத்துப் பார்த்தால் "முழுவதுமாக" என்ற சொல் அதில் இருந்தது. கையெழுத்துப் போடும்போது கண்ணில் படவில்லை. அது மட்டுமில்லை. வேரியபிள் வழங்கும் நாளில் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்பது இன்னொரு நிபந்தனை. வருடம் முழுக்க உழைத்த வேரியபிளும் போயிற்று. இரண்டையும் சேர்த்தால் என் ஒன்றரை மாதச் சம்பளம்.

தங்கச்சி, உன் லெட்டரில் திருப்பித் தருவது முழுத் தொகையா, மீதமிருக்கும் மாதங்களுக்கு மட்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. 18 மாதம் முடியும் வரை அந்த 50,000ஐச் செலவு செய்யாமல் வங்கியில் போட்டு வை. அது அதுவரை உன் பணம் இல்லை.

வாசுதேவன்

எல்லோரும் மாதக் கணக்கிலேயே நிற்கிறீர்கள். இரண்டு வருடம் கழித்து வேறு கம்பெனிக்குப் போகும்போது "தற்போதைய சிடிசி எவ்வளவு" என்றுதான் கேட்பார்கள். அதன் மேல்தான் 30 சதவீதம், 40 சதவீதம் என்று உயர்த்துவார்கள். 7 லட்சத்திலிருந்து தாவுவதும் 5.8இலிருந்து தாவுவதும் ஒன்றா? மாதம் 4,000 குறைந்தாலும் பெரிய எண்ணில் ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம். நானே அப்படித்தான் வந்தேன்.

மீனலோசனி

அதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த 7 லட்சம் இரண்டாம் வருடம் 7 லட்சமாக இருக்காது. ஜாயினிங் போனஸ் போனதும் 6,50,000. அதன் மேல் 8 சதவீத உயர்வு கொடுத்தாலும் 7,02,000. ஒரு வருடம் உழைத்து உயர்வும் வாங்கி, சேர்ந்த இடத்துக்கே திரும்பி வந்திருப்பார். அடுத்த கம்பெனியும் இப்போது கடைசி மூன்று மாத பே ஸ்லிப் கேட்கிறது. ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்கிறது. பே ஸ்லிப்பில் சென்னை கிராஸ்தான் பெரியது.

வாசுதேவன்

பே ஸ்லிப் கேட்பார்கள், சரிதான். ஆனாலும் முதல் வடிகட்டலில் படிவத்தில் நிரப்புவது சிடிசியைத்தான். அந்த எண்ணைப் பார்த்துத்தான் எந்தப் பட்டியலில் வைப்பது என்று முடிவாகிறது. என் அனுபவம் அதுதான், இதை நான் மாற்றிச் சொல்ல முடியாது.

கயல்விழி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அப்பாவோடு உட்கார்ந்து மேடம் சொன்னபடி ஒவ்வொரு வரியாகக் கழித்துப் பார்த்தோம். 5,80,000இல் வந்து நின்றதும் அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை முதலிலிருந்து போடச் சொன்னார்.

இன்று காலை இரண்டு ஹெச்ஆருக்கும் எழுதிக் கேட்டேன். பெங்களூருவில் இருந்து வந்த பதில்: ஜாயினிங் போனஸ் இரண்டாம் மாதச் சம்பளத்தோடு வரும். 18 மாதத்துக்குள் விலகினால் முழுத் தொகையும் திருப்பித் தர வேண்டும். ஜூலையில் சேர்ந்தால் மார்ச் வரை ஒன்பது மாதம் என்பதால் முதல் வேரியபிள் அதிகபட்சம் 52,500, அதுவும் அடுத்த வருடம் ஜூலைச் சம்பளத்தில். போன வருடம் புதியவர்களுக்கு எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். மெயிலில் அதற்கு மட்டும் பதில் இல்லை. போனில் கேட்டால் "நல்லா வரும், 80 வரைக்கும் வரும்" என்றார்கள். சீனியர் அக்காவுக்கு 55 சதவீதம்தான் வந்ததாம்.

இன்சூரன்ஸ் பற்றியும் கேட்டேன். பெங்களூருவில் அந்த 12,000க்குள் அப்பா அம்மாவும் அடக்கம். சென்னையில் எனக்கு மட்டும். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, தனியாக பாலிசி எடுக்கப் போனபோது காத்திருப்புக் காலம் சொன்னார்கள். இதை எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மீனலோசனி

நல்ல கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள் கயல்விழி. அப்பா விஷயத்தைக் கேட்டதும் நான் சொன்னதில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். 12,000ஐ "கைக்கு வராதது" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டேன். பெற்றோருக்கும் சேர்த்துக் குழுக் காப்பீடு, அதிலும் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு முதல் நாளிலிருந்தே உண்டு என்றால், உங்கள் வீட்டுக்கு அது 12,000க்கு மேல் பெறும். முதல் நாளிலிருந்தா, அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா, பில்லில் எத்தனை சதவீதம் நம் கையிலிருந்து கட்ட வேண்டும் என்று கேளுங்கள். சென்னையிடமும் கேளுங்கள், பிரீமியத்தை நானே கட்டினால் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்று. பல கம்பெனிகளில் முடியும்.

இனி வேரியபிள். முதல் வருடத்தை மட்டும் பார்த்தால் வேடிக்கையான ஒரு சமநிலை இருக்கிறது. பெங்களூருவில் 40,411 வீதம் 12 மாதம் 4,84,932. ஜாயினிங் போனஸ் 50,000ஐச் சேர்த்தால் 5,34,932. சென்னையில் 12 மாதம் 5,34,300. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே பெங்களூரு தரும் 50,000 கூடுதல் பணமே இல்லை. மாதம் குறைகிற 4,114ஐ முன்கூட்டியே தந்துவிட்டு, 18 மாதம் இருக்கச் சொல்கிறார்கள். 13ஆம் மாதத்திலிருந்து அந்தக் குறை குறையாகவே நிற்கும்.

இரண்டாம் வருடத்தை உயர்வு இல்லாமல் போட்டுப் பாருங்கள். பிஎஃப்பில் உங்கள் பங்கும் கம்பெனி பங்கும் சேர்த்து பெங்களூருவில் வருடத்துக்கு 67,200 சேரும், சென்னையில் 43,200. அதையும் உங்கள் பணமாக எண்ணினால் பெங்களூரு 5,52,132, சென்னை 5,77,500. இடைவெளி 25,368. 70,000 வேரியபிளில் அது 36 சதவீதம். அதற்கு மேல் வந்தால் பெங்களூரு முன்னே போகும், கீழே வந்தால் சென்னை. உங்கள் சீனியருக்கு வந்த 55 சதவீதம் என்றால் 38,500, அப்போது பெங்களூரு 13,132 முன்னே.

பிஎஃப்பை எண்ணாமல், செலவுக்குக் கைக்கு வருவதை மட்டும் பார்த்தால், அதே 55 சதவீதத்தில் சென்னைதான் 10,868 முன்னே. எந்தக் கணக்கு உங்களுக்குச் சரி என்பதை நான் சொல்ல முடியாது. கல்விக் கடன் தவணை மாதாமாதம் இருந்தால் கைக்கு வருவதுதான் பேசும். இல்லையென்றால் பிஎஃப்பை ஒதுக்க வேண்டாம், அது வட்டியோடு உங்களுடையது.

செந்தில் கோவை

இத்தனையும் போட்டீர்கள், வாடகையை மறந்துவிட்டோமே. உனக்கு வீடு எங்கேம்மா?

கயல்விழி

தாம்பரம் அண்ணா. சென்னை ஆஃபீஸுக்கு வீட்டிலிருந்தே போய்வர முடியும். பெங்களூருவில் தோழி இருக்கும் பிஜியில் சாப்பாட்டோடு மாதம் 9,500. கல்விக் கடன் தவணை அடுத்த வருடம் ஆரம்பிக்கிறது.

செந்தில் கோவை

அப்படியானால் வருடத்துக்கு 1,14,000 அங்கேயே போகிறது. வேரியபிள் நூறு சதவீதம் வந்தாலும் ஈடுகட்டாது. நான் முதலில் பெங்களூரு என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பழைய பெங்களூர்வாசி

செலவைப் பார்த்தால் அதுதான். ஆனால் டெஸ்டிங் வேலைக்கு அந்த ஊரில் இருக்கும் வாய்ப்பு வேறு. நான் விலகிய பிறகும் அங்கேயே மூன்று வாரத்தில் அடுத்த வேலை கிடைத்தது. இதை ரூபாயில் போடத் தெரியவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

மீனலோசனி

இன்னொரு கேள்வி விட்டுப்போயிற்று. பெங்களூரு முழு பேசிக்குக்கும் பிஎஃப் பிடிக்கிறது. 15,000க்கு மட்டும் பிடிக்கச் சொல்ல முடியுமா என்று சேர்வதற்கு முன் கேட்கலாம். சம்மதித்தால் உங்கள் பிடித்தம் 2,800இலிருந்து 1,800 ஆகும். ஆனால் அவர்கள் பங்கில் குறையும் 1,000ஐ ஸ்பெஷல் அலவன்ஸில் சேர்ப்பார்களா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். சேர்க்காவிட்டால் மாதம் 1,000ஐ நீங்களே விட்டுக்கொடுத்தது போல ஆகிவிடும். சேர்ந்த பிறகு இதை மாற்றப் பல இடங்களில் சம்மதிக்க மாட்டார்கள்.

திருப்பூர் ராசு

மேடம், பையனை விட்டு பாஸ்புக் எடுக்கச் சொன்னேன். 1,800, 550, 1,250 மூன்றும் இருக்கிறது. ஆனால் போன இரண்டு மாதம் மட்டும் காலியாக இருக்கிறது. சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். இதற்கு யாரைக் கேட்பது?

மீனலோசனி

ராசு அண்ணா, ஒரு மாதப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பாஸ்புக்கில் ஏற இன்னும் சில நாள் ஆகலாம். அதனால் கடைசி மாதம் காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம். அதற்கு முந்தைய மாதமும் காலி என்றால் கம்பெனி ஆஃபீஸில் சலான் கட்டியாயிற்றா என்று கேளுங்கள். அந்த இரண்டு மாத பே ஸ்லிப்பையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பதில் சொல்லாவிட்டால் பிஎஃப் ஆஃபீஸின் புகார் தளத்தில் உங்கள் யுஏஎன் எண்ணை வைத்துப் பதிவு செய்யலாம்.

கயல்விழி

சென்னை ஹெச்ஆர் இப்போதுதான் போன் செய்தார்கள். அப்பா அம்மாவைக் காப்பீட்டில் சேர்க்கலாமாம். வருடத்துக்கு 14,000, மாதம் 1,167 வீதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் முதல் நாளிலிருந்து உண்டு என்று மெயிலிலும் எழுதிவிட்டார்கள். கைக்கு 43,358 என்று நானே போட்டுக்கொண்டேன், சரிதானே மேடம்?

பெங்களூருவிடம் பிஎஃப் பற்றியும் கேட்டுவிட்டேன். "எல்லோருக்கும் ஒரே முறைதான்" என்று பதில் வந்தது. நாளை மாலை வரை நேரம் இருக்கிறது. அப்பா சென்னை என்கிறார். எனக்குத்தான் பெங்களூர்வாசி அண்ணா சொன்னது இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மீனலோசனி

43,358 சரி. தொழில் வரியை மாதாமாதம் பிரித்துப் பிடிக்காமல் 1,250ஐ ஒரே மாதத்தில் பிடித்தால், மற்ற மாதங்களில் 208 கூடவும் அந்த மாதம் 1,042 குறைவாகவும் வரும். அதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.